கை வீங்கிய சிறுவனும் வீங்காத பெண்ணும்: ஒரே வீட்டில் இரண்டு தேனீக்கொட்டுகள்

காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊரில் சிறு மருத்துவமனை நடத்துகிறேன். சென்ற ஆண்டு என் கைக்கு வந்த ஒரு நிகழ்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நேரங்களைக் கைப்பேசி அழைப்புப் பதிவுகளையும், அங்கிருந்தவர்கள் பிறகு சொன்னவற்றையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம். என் பங்கில் நேர்ந்த தவறு ஒன்றும் இதில் இருக்கிறது.

பின்னணி

அந்த வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு. முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்காகத் திறந்திருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. முகப்பில் ஒருவர் கூப்பிட்டால் அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்காது. இந்த நீளம் பின்னால் வரும் கதைக்கு முக்கியம்.

இரண்டாங்கட்டில் ஓர் அறை. அதன் காற்றுத்துளைக் கண்ணாடி என்றைக்கோ உடைந்திருந்தது. அந்த வழியாக வந்த பொந்துத் தேனீக்கள், பழைய மரப்பெட்டி ஒன்றின் பின்பக்க வெடிப்பில் நுழைந்து உள்ளே அடை கட்டியிருந்தன. அறை இருட்டாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. துப்புரவு வேலைக்கு வந்திருந்த நாற்பத்தாறு வயதுப் பெண் காலை 10.20 மணிக்குப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். வீட்டுக்கார ஆச்சியின் பேரன், ஒன்பது வயதுச் சிறுவன், எட்டிப் பார்க்கப் பக்கத்தில் நின்றான். அந்தப் பெண்ணுக்குப் பிடரியில் ஒரு கொட்டு. சிறுவனுக்கு வலது புறங்கையில் ஒரு கொட்டு. மூடியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே ஓடி வந்தார்கள். அது சரியான செயல். கொட்டிய தேனீயின் கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாடை போன்ற ஒரு மணம் கிளம்பும். அது மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கும். அங்கேயே நின்று கையை உதறிக்கொண்டிருந்தால் ஒன்று பத்தாகியிருக்கும்.

முதல் நான்கு நிமிடம்: கொடுக்கு

சிறுவன் அலறிக்கொண்டு வளவுக்கு வந்தான். புறங்கையில் கறுப்பாக ஒரு சிறு முள்ளும், அதன் தலையில் கடுகளவு வெளுத்த பையும் இருந்தன. அம்மா நகத்தால் எடுக்கப் போனார். ஆச்சி தடுத்துவிட்டார். "விரலால் பிடித்தால் பை நசுங்கி விஷமெல்லாம் உள்ளே போய்விடும், முள்வாங்கி எடுத்து வாருங்கள்" என்றார். முள்வாங்கி ஒரு சாவிக்கொத்தில் இருந்தது. சாவிக்கொத்து எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கொடுக்கு வெளியே வந்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

ஆச்சி சொன்னதைத்தான் நாங்களும் மருத்துவக் கல்லூரியில் படித்தோம்: கிள்ளி எடுக்காதே, அட்டை போன்ற ஒன்றால் வழித்துத் தள்ளு. 1996-ல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. ஆய்வாளர்கள் தங்கள் கையிலேயே தேனீயைக் கொட்டவிட்டு, வழித்து எடுத்தால் எவ்வளவு தடிக்கிறது, கிள்ளி எடுத்தால் எவ்வளவு தடிக்கிறது என்று அளந்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கொடுக்கு எத்தனை விநாடி உள்ளே இருந்ததோ அதற்கேற்பத் தடிப்பு பெரிதானது. காரணம் கொடுக்கின் அமைப்பு. அந்தப் பை பிதுக்கினால் வழியும் பலூன் அல்ல. தேனீயின் உடலிலிருந்து பிய்ந்து வந்த பிறகும் அதிலுள்ள தசைகள் தாமாகவே இயங்கி, ஒரு சிறு பம்பைப் போல நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். பெரும்பகுதி நஞ்சு முதல் இருபது விநாடிகளிலேயே இறங்கிவிடும். ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ முழுவதும் முடிந்துவிடும். நான்காம் நிமிடத்தில் முள்வாங்கி எடுத்தது காலிப் பையைத்தான்.

வேலைக்கு வந்த பெண்ணோ பிடரியில் சுரீரென்றதும் நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார். கொடுக்கு எடுத்த வகையில் அன்று அந்த வீட்டில் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நினைத்தார்கள், அவர் உட்பட.

10.24 முதல் 10.35 வரை: எல்லோரும் சிறுவனைச் சுற்றி

கொடுக்கு எடுத்த இடத்தில் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினார்கள். தேனீ நஞ்சு அமிலம், சுண்ணாம்பு அதை முறிக்கும் என்பது கணக்கு. நஞ்சில் வேலை செய்பவை பெரும்பாலும் புரதங்கள். அவை தோலுக்கு அடியில் இறங்கிய பிறகு மேலே பூசிய சுண்ணாம்பு அங்கே எட்டாது. மெல்லிய தோலை அரிக்க மட்டும் செய்யும். என்னிடம் வந்தபோது முதல் வேலையாக அதைச் சோப்பு போட்டுக் கழுவினோம்.

சிறுவனின் அப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். வீட்டில் குளிர்பெட்டி ஓடவில்லை. தெருமுனைக் கடையில் குளிர்ந்த சோடா பாட்டில் இரண்டு வாங்கி, ஈரத் துண்டில் சுற்றிப் புறங்கையில் வைத்தார். பனிக்கட்டியானாலும் பாட்டிலானாலும் நடுவே துணி இருக்க வேண்டும்; பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்து, மறுபடி வைக்கலாம். வெறும் பனிக்கட்டியைக் குழந்தையின் தோலில் அழுத்திப் பிடித்துக் கொப்புளம் ஏற்பட்டு வந்த கைகளைப் பார்த்திருக்கிறேன். குளிர், ரத்தக் குழாய்களைச் சுருக்கி வலியையும் வீக்கத்தையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. உடலுக்குள் சுற்றத் தொடங்கிய ஒவ்வாமையை அது தடுக்காது.

பதினைந்து நிமிடத்தில் புறங்கை பூரியைப் போல உப்பியது. அழுகையும் நிற்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே காரில் பெற்றோர் சிறுவனை ஏற்றிக்கொண்டு 10.35-க்கு என்னிடம் புறப்பட்டார்கள். ஆச்சியும் உறவினர்களும் முகப்பில் நின்று வழியனுப்பினார்கள்.

அதே நேரத்தில் பின்கட்டில்

இதைப் பின்னால் கேட்டு அடுக்கிச் சேர்த்தேன்.

கொட்டி எட்டு நிமிடம் கழித்து, 10.28 அளவில், அந்தப் பெண்ணுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நமைச்சல் எடுத்தது. கொட்டிய இடம் பிடரி, நமைச்சல் உள்ளங்காலில். இந்த இடைவெளிதான் முதல் எச்சரிக்கை. நஞ்சு இறங்கிய இடத்தில் வரும் வலி, சிவப்பு, வீக்கம் எல்லாம் அந்த இடத்துச் சங்கதி. கொட்டாத இடத்தில் ஏதாவது நடந்தால் உடல் முழுவதும் அதில் இறங்கிவிட்டது என்று பொருள். அவர் உடன் வேலை செய்த பெண்ணிடம் சொன்னதாக நினைவுகூர்ந்த வார்த்தை: "தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது அக்கா."

10.33-க்கு வயிற்றைப் பிசைந்தது. பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்ததால் பித்தம் என்று இருவரும் முடிவு கட்டி, சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் குடித்தார். தேனீக்கொட்டுக்கும் வாந்திக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வாமை என்றால் தோல் தடிக்கும், மூச்சு இழுக்கும் என்று நாங்கள்தான் சொல்லிவைத்திருக்கிறோம். வயிற்றுவலியும் வாந்தியும் அதே பட்டியலில் இருப்பதை நாங்கள் சொல்வதில்லை.

10.40-க்குக் குரல் கம்மியது. நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்குவது போல இருக்கிறது என்றார். அப்போதுதான் உடன் இருந்த பெண் பயந்து, அவரைக் கைத்தாங்கலாக இரண்டு கட்டுகளையும் தாண்டி முகப்புக்கு நடத்தி வந்தார். "ஆச்சி, இவளுக்கு என்னவோ செய்கிறது" என்றபோது அவர் முகமெல்லாம் வியர்த்து வெளிறியிருந்தது. யாரோ ஓடிப்போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினார்கள். அவரைத் திண்ணையிலிருந்து எழுப்பி நடக்கவைத்தார்கள். மூன்றாவது அடியில் கண் செருகிக் கீழே விழுந்தார். நேரம் 10.42.

என் மேசையில்: கேட்காமல் விட்ட கேள்வி

சிறுவன் 10.40-க்கு வந்தான். ஆச்சி கொடுக்கைத் திருநீறு மடித்த காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார். லென்சை வைத்துப் பார்த்தேன். முள்ளின் ஓரத்தில் பின்னோக்கி வளைந்த பற்கள் இருந்தன, பை சுருங்கியிருந்தது. அது தேனீயின் கொடுக்கு என்பதில் ஐயமில்லை. குளவியும் கதண்டும் பெரும்பாலும் கொடுக்கை விட்டுப் போவதில்லை. திரும்பத் திரும்பக் கொட்டும். எது கொட்டியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பின்னாளில் நஞ்சுக்கான சோதனை தேவைப்பட்டால் எந்தப் பூச்சி என்ற கேள்வி வரும். எனவே அந்தப் பொட்டலத்தை நான் கேலி செய்யவில்லை.

சிறுவனின் கையைப் பார்ப்பதற்கு முன் மற்றதையெல்லாம் பார்த்தேன். அழுகிறான், குரல் தெளிவாக இருக்கிறது. மூச்சில் விசில் சத்தம் இல்லை. உதடு, நாக்கு வீங்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்ததில் உடம்பில் தடிப்பு இல்லை. வாந்தி இல்லை, நாடி சீராக இருக்கிறது. வீக்கம் கொட்டிய கையோடு நின்றிருந்தது. அவன் மோதிர விரலில் ஐயா போட்ட மெல்லிய தங்க மோதிரம் இருந்தது. வீக்கம் விரலுக்கு இறங்கினால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, சோப்பு தடவிக் கழற்றினோம். கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொன்னேன். அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் 5 மில்லிகிராம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இதுவரை சரி.

ஆனால் "வேறு யாரையாவது கொட்டியதா?" என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா, "வேலைக்கு வந்த அக்காவையும் கொட்டியது, அவருக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருப்பார். பின்னர் அப்படித்தான் சொன்னார். நான் உடனே தொலைபேசியில் விசாரித்திருப்பேன். அவர் அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தார், விழவில்லை. நான்கு நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

10.42 முதல் 10.53 வரை: படுக்கவைத்தவர்

அவர் விழுந்ததும் இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார்கள். ஆச்சியின் இளைய மகன் குறுக்கே வந்தார். ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே முதலுதவிப் பயிற்சி எடுத்தவர். "தூக்காதீர்கள், படுத்தே இருக்கட்டும்" என்று சொல்லி, அவரை ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் மல்லாந்து கிடத்தி, சுருட்டிய ஜமுக்காளத்தைக் கால்களுக்கு அடியில் கொடுத்தார். அரை நிமிடத்தில் கண் திறந்த அந்தப் பெண், "எழுந்து உட்காருகிறேன் தம்பி" என்றபோதும் விடவில்லை. வாந்தி வந்தபோது தலையை மட்டும் அல்லாமல் உடம்பையே ஒருக்களித்துத் திருப்பினார்.

அந்த முகப்பில் இதைவிடப் பெரிய மருத்துவம் எதுவும் சாத்தியமில்லை. கடுமையான ஒவ்வாமையில் ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களுக்கு வெளியே கசிகிறது. இருக்கும் ரத்தம் போதாமல் இதயம் தவிக்கும் நேரத்தில் ஆளை நிமிர்த்தினால், மிச்ச ரத்தமும் கால்களுக்கு இறங்கி இதயம் வெறுமையாகத் துடிக்கும். அனாபிலாக்சிஸ் எனப்படும் இந்த நிலையில், எழுந்து நின்ற அல்லது நிமிர்ந்து உட்கார்ந்த சில விநாடிகளில் உயிர் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பின்கட்டிலிருந்து நடத்தி வந்ததும், ஆட்டோவுக்கு எழுப்பியதும் அந்த வகையில் ஆபத்தான செயல்கள். மூச்சுவிட முடியாமல் திணறுபவர் படுக்க மாட்டார். அவரைக் கால் நீட்டிச் சாய்ந்து உட்கார விடலாம், ஆனால் நிற்கவோ நடக்கவோ விடக்கூடாது. இந்தப் பெண்ணுக்கு மூச்சுத் திணறலைவிட மயக்கமே முன்னால் நின்றது. எனவே படுக்கை சரி.

எனக்கு அழைப்பு 10.44-க்கு வந்தது. அடுத்த நிமிடம் 108-க்கு அழைத்தார்கள். ஆட்டோவில் இங்கே கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். ஆட்டோவில் படுக்கவைக்க முடியாது. என்னிடம் சிறுவன் வந்த கார் நிற்கிறது, தூரம் இரண்டு கிலோமீட்டர். நோயாளி வர வேண்டாம், மருந்து போகட்டும் என்று முடிவு செய்தேன். சிறுவனைச் செவிலியரிடம் விட்டேன்.

புறப்பட 10.48 ஆகிவிட்டது. இந்த நிலைக்கு முதல் மருந்தான அட்ரினலின் ஆம்பூல் ஓர் அலமாரியில், சிரிஞ்சு இன்னோர் இடத்தில், ரத்த அழுத்தக் கருவி புறநோயாளி அறையில். நான்கு நிமிடம் நானே என் மருத்துவமனைக்குள் முள்வாங்கி தேடியிருக்கிறேன்.

10.53 முதல் 11.08 வரை: ஊசி

நான் போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் 70/40. நாடி நிமிடத்துக்கு 128, விரலுக்கு நூலிழை போலத் தட்டியது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 91 காட்டியது. பிடரியில் கொட்டிய இடம் எது என்று தேடித்தான் கண்டுபிடித்தேன். கொசு கடித்த அளவுதான் இருந்தது. முகத்தில் சிவப்பு ஏதும் தெரியவில்லை. மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது, வெளிச்சமும் போதாது. ரவிக்கைக் கையை மேலேற்றி, முழங்கைக்கு மேல் உள்பக்கமாக விரலை ஓட்டினேன். தோலடியில் காசு காசாகத் தடிப்பு கையில் தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. இந்தத் தடிப்பு இல்லாமலேயே ரத்த அழுத்தம் சரிபவர்களும் உண்டு; அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில், சேலைக்கு மேலேயே, அட்ரினலின் 0.5 மில்லிகிராம் போட்டேன். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் சரி பாதி. உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு, பெரியவர்களுக்கு 0.5-க்கு மேல் ஒரு தடவையில் போவதில்லை. புஜத்திலோ தோலடியிலோ போடுவதைவிடத் தொடைத் தசையிலிருந்து மருந்து வேகமாக ஏறும். ஐந்து நிமிடத்தில் அழுத்தம் 76 மட்டுமே. 10.59-க்கு அதே அளவு இன்னொரு தொடையில். 11.04-க்கு 94/60. "நெஞ்சு விட்டுவிட்டது டாக்டர்" என்றார். கம்மிய குரல் பாதி திரும்பியிருந்தது. கை நடுங்கியது, இதயம் படபடத்தது. அது மருந்தின் வேலை என்று சொன்னேன்.

உறவினர் ஒருவர் முதலில் அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டிருந்தார். செட்ரிசினும் ஸ்டீராய்டும் நமைச்சலையும் தடிப்பையும் குறைக்கும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது, அடைத்த தொண்டையைத் திறக்காது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த அரை மணி நேரம் அவரிடம் இல்லை.

11.08-க்கு 108 வந்தது. படுக்கையிலேயே ஏற்றி, ஆக்சிஜனும் சலைனும் தொடங்கி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மாலை 5.10: இரண்டாவது அலை

மதியம் ஒரு மணிக்கே அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். உடம்பு தேறிவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவார்கள், அன்றையக் கூலியும் போயிற்று. பணி மருத்துவரும் நானும் தொலைபேசியில் பேசி, இரவு வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். இரண்டு காரணங்கள். அவருக்கு ஒரு ஊசி போதவில்லை, இரண்டு தேவைப்பட்டன. ஊரோ வெகு தொலைவு, இரவில் வண்டி கிடையாது. அட்ரினலின் உடம்பில் நெடுநேரம் தங்குவதில்லை. அது கரைந்த பிறகு, மறுபடி எதுவும் கொட்டாமலேயே, ஒவ்வாமை இரண்டாம் முறை எழக்கூடும்; பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், சிலருக்கு அதற்கும் பிந்தி. ஆச்சி நேரில் போய், பிள்ளைகள் தன் வீட்டில் சாப்பிடுவார்கள், இரண்டு நாள் கூலி தன் பொறுப்பு என்று சொன்ன பிறகே அவர் படுக்கையில் தங்கினார். மருத்துவர் இருவர் விளக்கியும் கிடைக்காத சம்மதம் அது.

மாலை 5.10-க்கு வயிற்றிலும் தொடையிலும் தடிப்பு எழுந்து தொண்டை இறுகியது. அங்கேயே ஓர் ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் அடங்கியது. மறுநாள் மாலை வீடு திரும்பினார்.

மருத்துவமனையில் கேட்டபோதுதான் தெரிந்தது: முந்தைய ஆண்டு முந்திரித் தோப்பில் தேனீ கொட்டி, உடம்பெல்லாம் தடித்து, தலை சுற்றிப் படுத்திருக்கிறார். தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை.

சிறுவனின் கை

அவன் கை அன்று மாலை மணிக்கட்டைத் தாண்டியது. மறுநாள் முழங்கையை நெருங்கியது. சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. ஆச்சி மறுபடி அழைத்துவந்தார். சீழ் பிடித்துவிட்டது, ஆண்டிபயாடிக் கொடுங்கள் என்றார். கொடுக்கவில்லை. கொட்டிய இடத்தைச் சுற்றிப் பெரிதாகப் பரவும் இந்த வகை வீக்கம் இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும்; வடிய ஒரு வாரம் வரை ஆகும். நமைச்சல் வலியைவிட அதிகமாக இருந்தது, காய்ச்சல் இல்லை, பையன் அந்தக் கையாலேயே பந்து எறிந்துகொண்டிருந்தான். சீழ் பிடிப்பதாக இருந்தால் சில நாள் கழித்து, அடங்கிய வலி திரும்பக் கூடி, காய்ச்சலோடு வரும். அப்படி வந்தால் உடனே வாருங்கள் என்று பேனாவால் வீக்கத்தின் எல்லையைக் கோடு போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் கோட்டுக்கு உள்ளே வந்தது, ஆறாம் நாள் வடிந்தது.

மாற்றியவை, மாறாதவை

இப்போது பூச்சி கொட்டி யார் வந்தாலும், கையைப் பார்ப்பதற்கு முன் நானோ செவிலியரோ இரண்டு கேள்விகள் கேட்கிறோம். உங்களோடு வேறு யாரைக் கொட்டியது, அவர் இப்போது எங்கே, தனியாக இருக்கிறாரா? இதற்கு முன் கொட்டியபோது கொட்டிய இடத்தைத் தவிர உடம்பில் வேறு எங்காவது ஏதாவது செய்ததா? "அலர்ஜி உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்லியிருப்பார். பதிவேட்டு மேசைக்குக் கீழே ஒரு சிவப்பு டப்பா இருக்கிறது: அட்ரினலின் ஆம்பூல் நான்கு, சிரிஞ்சு, ஊசி, அளவு எழுதிய அட்டை. ரத்த அழுத்தக் கருவி இல்லாமலும் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடலாம். தொலைபேசியில் கேட்பவர்களுக்குச் செவிலியர் முதலில் சொல்வது, படுக்கவையுங்கள், நடத்தாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது என்பது அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. இன்னொரு முறை கொட்டினால் இதே நிலை வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றி உடலைப் பழக்கும் ஊசி சிகிச்சை உண்டு. நல்ல பலன் தருவது. ஆனால் அது மூன்று முதல் ஐந்து ஆண்டு. மதுரைக்குப் போய்ச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கொடுத்தேன். ஒரு தடவை போனார், பஸ் செலவும் கூலி இழப்பும் சேர்ந்து தொடர முடியவில்லை. வெளிநாடுகளில் கிடைக்கும் தானியங்கி அட்ரினலின் ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே அவர் கணவரை வரவழைத்து, ஆம்பூலை உடைத்துப் பாதி அளவு உறிஞ்சித் தொடையில் போடுவதைச் சாத்துக்குடியில் பழக்கினேன். முதல் நாள் இரண்டு ஆம்பூல் கையிலேயே நொறுங்கின. நான்காம் தடவை சரியாக வந்தது. ஒரு ஊசி போட்டதும் 108-க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும், தேறிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது என்பதை அவர் திருப்பிச் சொல்லும்வரை சொன்னேன்.

இரண்டு ஆம்பூலும் இரண்டு சிரிஞ்சும் வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, அவர் வேலைக்குக் கொண்டுபோகும் தூக்குவாளிப் பையில் இருக்கின்றன. பையைப் பெண்தான் சுமக்கிறார், ஊசி போடக் கற்றவர் கணவர். இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்வது பாதி நாள்தான். அடுத்த முறை வரும்போது அவருடன் வேலைக்குப் போகும் அந்தப் பெண்ணையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டிக்குள் இருந்த தேனீக்களை ஒரு தேனெடுப்பவர் மூன்றாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு அடையோடு எடுத்துத் தன் பெட்டியில் குடியமர்த்திக் கொண்டுபோனார். உடைந்த காற்றுத்துளைக் கண்ணாடிக்குக் கம்பிவலை அடித்துவிட்டார்கள்.